எழுதித் தரும் கருவிகளும் வேலைக்கான எழுத்துத் தேர்வும்: நியாயமான 40 நிமிடங்களை எப்படி அமைப்பது?

வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் பெரும்பாலான அலுவலகங்களில் முதல் சுற்று எழுத்துதான். விண்ணப்பித்தவருக்கு ஒரு இணைப்பு வரும். அதைத் திறந்தால் ஒரே ஒரு கேள்வி இருக்கும்: "கோபமாக இருக்கும் வாடிக்கையாளரை நீங்கள் எப்படிச் சமாளிப்பீர்கள்? 300 சொற்களுக்குள் ஆங்கிலத்தில் எழுதுக." இரண்டு நாள் அவகாசம். வீட்டிலிருந்தே எழுதி அனுப்பலாம். சென்னையில் மென்பொருள் சார்ந்த ஓர் அலுவலகத்தில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் நான் இருக்கிறேன். நாங்களும் பல வருடம் இதே கேள்வியைத்தான் கேட்டோம்.

2022 நவம்பர் 30 அன்று, கேட்டதை எழுதித் தரும் கருவியான சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது. அடுத்த வருட நடுவிலேயே எங்களுக்கு வரும் பதில்களின் முகம் மாறிவிட்டது. பிழையே இல்லாத ஆங்கிலம், மூன்று பத்தி, முதல் பத்தியில் பொறுமையாகக் கேட்பது, இரண்டாவதில் அனுதாபம், மூன்றாவதில் தீர்வு. ஒன்றைப் படித்தால் பத்தைப் படித்த மாதிரி. எது யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை. கேள்வி அப்படி இருந்தது என்பதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க வேண்டும் என்றுதான் முதலில் கிளம்பினோம். அதில் நாங்கள் செய்த தவறிலிருந்தே இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் விண்ணப்பித்திருந்தார். அரசுப் பள்ளி, தமிழ்வழிக் கல்வி. அவருடைய பதிலை, எழுதியது கருவியா மனிதரா என்று கண்டறியும் மென்பொருளில் போட்டோம். "கருவி எழுதியது" என்று சிவப்பில் வந்தது. நிராகரித்தோம். எட்டு மாதம் கழித்து அவர் மறுபடி விண்ணப்பித்தார். அதற்குள் நாங்கள் நேரில் எழுத வைக்கும் முறைக்கு மாறியிருந்தோம். எங்கள் கண்முன்னே, கையில் போன் இல்லாமல், அவர் அதே சொற்றொடர்களை எழுதினார். "ஐ ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்" என்று தொடங்கி, "ஐ வில் டூ த நீட்ஃபுல்" என்று முடித்தார். கேட்டபோது, பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த கடிதத்திலிருந்து வந்தவை என்றார். அவர் இப்போது எங்கள் அணியில் இருக்கிறார். முதல் முறை நாங்கள் பறித்த எட்டு மாதச் சம்பளத்தை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை.

கண்டறியும் மென்பொருள் ஏன் நம் ஆட்களைக் குறிவைக்கிறது

இந்த மென்பொருள்களில் பல முக்கியமாகப் பார்ப்பது ஒரு விஷயத்தைத்தான். ஒரு சொல்லுக்குப் பிறகு அடுத்த சொல் எது வரும் என்பதை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று அளக்கின்றன. எழுதித் தரும் கருவி, ஒவ்வொரு இடத்திலும் வர வாய்ப்புள்ள சொல்லை வைத்துக்கொண்டே போகும். ஆகவே அதன் எழுத்து ஊகிக்க எளிது. மனிதர் எழுத்தில் எதிர்பாராத சொல் அவ்வப்போது வந்து விழும். ஊகிக்க எளிதாக இருந்தால் கருவி, கடினமாக இருந்தால் மனிதர் என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கில் யார் மாட்டுவார்கள்? ஆங்கிலத்தைப் பேசிப் பழகாமல், படித்துக் கற்றுக்கொண்டவர்கள். நமக்குத் தெரிந்த சொற்கள் குறைவு, தெரிந்த வாக்கிய அமைப்புகள் இன்னும் குறைவு. தவறு செய்துவிடக்கூடாது என்ற பயத்தில் பாதுகாப்பான வாக்கியத்தையே தேர்ந்தெடுப்போம். கோனார் உரையிலும் மாதிரி வினாத்தாளிலும் படித்த கடித அமைப்பு விரல் நுனியில் இருக்கும். அது ஊகிக்க மிக எளிதான எழுத்து. ஆனால் அதை எழுதியது ஒரு மனிதர்.

இது என் ஊகம் மட்டுமல்ல. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கண்டறியும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை அவற்றில் போட்டார்கள். எல்லாமே மனிதர்கள் எழுதியவை. சராசரியாக 61 சதவீதம் "கருவி எழுதியது" என்று வந்தது. 91இல் 89 கட்டுரைகளை ஏழில் ஏதாவது ஒரு மென்பொருளாவது சந்தேகப்பட்டது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய கட்டுரைகளைப் போட்டபோது கிட்டத்தட்ட எல்லாமே மனிதர் எழுதியவை என்று சரியாக வந்தது. இதில் என்னை மிகவும் உலுக்கியது அடுத்த படிதான். அந்த டோஃபல் கட்டுரைகளை சாட்ஜிபிடியிடம் கொடுத்து, தாய்மொழிக்காரர் எழுதியதுபோலச் சொல்வளத்தைக் கூட்டித் தரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு தவறான குற்றச்சாட்டு 12 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. அதாவது, தானே எழுதியவர் மாட்டுகிறார், கருவியிடம் கொடுத்து மெருகேற்றியவர் தப்பிக்கிறார்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. கருவி எழுதியதில் 26 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கும், மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கும் என்று அவர்களே சொன்னார்கள். துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 400 பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்றும், அவர்களில் 100 பேர் கருவியைப் பயன்படுத்தினார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 100 பேரில் 26 பேர் பிடிபடுவார்கள். நேர்மையாக எழுதிய 300 பேரில் 27 பேர் பிடிபடுவார்கள். பிடிபட்ட 53 பேரில் பாதிக்கு மேல் குற்றமற்றவர்கள். கருவியைப் பயன்படுத்திய 74 பேர் அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார்கள். இப்போது வரும் மென்பொருள்கள் இதைவிட மேம்பட்டவை என்று விற்பவர்கள் சொல்வார்கள். எண்கள் மாறலாம். ஆனால் நிராகரிக்கப்பட்டவருக்குத் தன்னை நிரூபிக்க வழியே இல்லை என்பது மாறாது.

மென்பொருள் வேண்டாம், பார்த்தாலே தெரிந்துவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் பால் கிரகாம் என்ற பிரபல அமெரிக்க முதலீட்டாளர், தனக்கு வந்த ஒரு மின்னஞ்சலில் "டெல்வ்" என்ற சொல் இருந்ததைச் சுட்டிக்காட்டி, அது கருவி எழுதியதன் அடையாளம் என்ற பொருளில் பதிவிட்டார். நைஜீரியர்கள் கொதித்துப்போனார்கள். அது தாங்கள் பள்ளியில் கற்று அன்றாடம் எழுதும் சொல் என்றார்கள். நம் ஊரில் "கைண்ட்லி" போடாமல் கடிதம் எழுதியவர் எத்தனை பேர்? ஒரு சொல்லை வைத்து ஆளை முடிவுகட்டுவது, ஒருவர் படித்த பள்ளியை வைத்து முடிவுகட்டுவதுதான்.

வினாத்தாளில் வெள்ளை எழுத்தில் மறைவாக ஒரு வரி வைத்து, அதை ஒட்டுபவர்களைப் பிடிப்பது இப்போது பரவிவரும் இன்னொரு வழி. பார்வையற்ற விண்ணப்பதாரரின் திரைவாசிப்பான் அந்த வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டும். அவர் அதைக் கேள்வியின் பகுதி என்று நம்பி பதில் எழுதுவார். இதை நாங்கள் செய்யவில்லை, யாரும் செய்யக்கூடாது என்பது என் கருத்து. கேமரா கண்காணிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் இன்னொரு போன் வைத்திருப்பவரை அது பிடிக்காது. ஒரே அறையில் தம்பி தங்கையோடு உட்கார்ந்து எழுதுபவரைத்தான் பிடிக்கும்.

பழைய கேள்வியில் என்ன குறை

கோபமான வாடிக்கையாளரைப் பற்றிய கேள்விக்குத் திரும்புவோம். அதற்குப் பதில் எழுத எதையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. எந்த வாடிக்கையாளர், எந்தப் பொருள், என்ன விதி, எதுவும் கேள்வியில் இல்லை. ஆகவே பதிலும் பொதுவாகத்தான் வரும். 2022க்கு முன்பும் அப்படித்தான் வந்தது. அப்போது நாங்கள் உண்மையில் அளந்தது ஆங்கிலச் சரளத்தை. நல்ல ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவர் மேலே வந்தார். கருவி வந்து அந்த அளவுகோலை உடைத்துவிட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

எங்கள் அணியில் ஒருவர் நாள்தோறும் செய்வது என்ன? மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும் தகவலைச் சேர்த்துப் பார்க்கிறார். வாடிக்கையாளர் சொல்வதும் பதிவேடு சொல்வதும் முரண்படும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார். தன் அதிகாரத்துக்கு உட்பட்டது எது, மேலாளரிடம் கேட்க வேண்டியது எது என்று பிரிக்கிறார். பிறகு பத்து வரியில் எழுதுகிறார். எழுதிய பிறகு நிலைமை மாறும், எழுதியதைத் திருத்துகிறார். தேர்வும் அதையே கேட்க வேண்டும்.

ஒரு மிக்சி, ஒரு கட்டுக் காகிதம்

நாங்கள் இப்போது பயன்படுத்தும் அமைப்பை ஒரு எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். விவரங்களை மாற்றியிருக்கிறேன், எலும்புக்கூடு அதேதான்.

விண்ணப்பதாரர் கையில் நான்கு தாள்கள் கிடைக்கும். முதலாவது, வேலூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் மார்ச் 3 அன்று எழுதிய மின்னஞ்சல். மிக்சி ஜாரிலிருந்து தண்ணீர் கசிகிறது, மோட்டாரும் விட்டு விட்டு ஓடுகிறது, வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். இரண்டாவது, ஆர்டர் விவரம். பொருள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது பிப்ரவரி 19. மூன்றாவது, ஒரு பக்க விதிமுறை. பொருள் கிடைத்த 10 நாளுக்குள் புகார் பதிவானால் மாற்றுப் பொருள் தரலாம். பணத்தைத் திருப்பித் தர மேலாளர் ஒப்புதல் வேண்டும், மேலாளர் ஒரு வேலைநாளில் பதில் சொல்வார். நான்காவது, தொலைபேசிப் பதிவு, இரண்டே வரி. பிப்ரவரி 26 அன்று வாடிக்கையாளர் அழைத்தார், ஜார் கசிகிறது என்றார், சில நாள் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லப்பட்டது.

வாடிக்கையாளர் ஒரு வாரம் என்கிறார், மின்னஞ்சல் வந்ததோ 12ஆம் நாள். அந்த அளவில் நிறுத்திக்கொண்டவர், காலம் கடந்துவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதுவார். நான்காவது தாளைப் படித்தவர், 7ஆம் நாளே புகார் பதிவாகிவிட்டது, மாற்றுப் பொருள் பெற அவருக்கு உரிமை இருக்கிறது என்று கண்டுபிடிப்பார். அவசரப்படுபவர் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிடுவார், அது அவர் அதிகாரத்தில் இல்லை. இன்னும் கூர்ந்து படிப்பவர், தொலைபேசிப் பதிவில் மோட்டாரைப் பற்றிப் பேச்சே இல்லை, அது பிறகு வந்த கோளாறா என்று கேட்க வேண்டும் என்பார்.

முதல் 5 நிமிடம் படிக்க மட்டும். அடுத்த 20 நிமிடத்தில் இரண்டு எழுத வேண்டும். ஒன்று, மேலாளருக்கு மூன்று வரிக் குறிப்பு: பிரச்சினை என்ன, நமக்கு இன்னும் தெரியாதது என்ன. இதைத் தமிழிலும் எழுதலாம். மற்றொன்று, வாடிக்கையாளருக்கு 120 சொற்களுக்குள் பதில். பிறகு இரண்டு புதிய தகவல்களைக் கொடுப்போம். கிடங்கிலிருந்து ஒரு குறிப்பு: அந்த மாடல் மார்ச் 15க்குத்தான் கைக்கு வரும். வாடிக்கையாளரிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல்: 9ஆம் தேதி மகளுக்கு வளைகாப்பு, அதற்குள் வீட்டில் மிக்சி வேண்டும். மீதமுள்ள 15 நிமிடத்தில் முதலில் எழுதிய பதிலைத் திருத்தித் தர வேண்டும்.

இந்த இரண்டாம் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பலர் பழைய பதிலை அப்படியே விட்டு, மேலே இன்னொரு மன்னிப்பைச் சேர்ப்பார்கள். மாற்றுப் பொருள் விரைவில் வரும் என்ற வரி அப்படியே நிற்கும். வேலைக்குத் தகுந்தவர் அந்த வரியை எடுத்துவிடுவார். 9ஆம் தேதிக்குள் எங்களால் மாற்றுப் பொருள் தர முடியாது, பணத்தைத் திருப்பித் தர மேலாளரிடம் கேட்டிருக்கிறேன், நாளை மாலைக்குள் பதில் சொல்கிறேன் என்று நாளோடு எழுதுவார். அவருடைய ஆங்கிலத்தில் இரண்டு இலக்கணப் பிழை இருக்கலாம். வேலூர்க்காரர் கடையில் போய் வேறு மிக்சி வாங்கலாமா கூடாதா என்று முடிவெடுக்க அந்தக் கடிதம் போதும்.

நேரத்தை எப்படி நிர்ணயிப்பது

நேரம் குறைவாக வைத்தால் கருவியைப் பயன்படுத்த முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். நேர்மாறாகத்தான் நடக்கும். ஒட்டி எடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். நேரம் குறையக் குறையத் தானே எழுதுபவர்தான் திணறுவார்.

ஆகவே நேரத்தை நாங்கள் ஊகித்து வைப்பதில்லை. ஏற்கனவே இந்த வேலையைச் செய்யும் மூவரைத் தாள்களோடு உட்கார வைக்கிறோம். எடுத்துக்காட்டாக அவர்களுக்கு 17, 21, 24 நிமிடம் ஆனால், மெதுவாக முடித்தவரின் நேரத்தை எடுத்து ஒன்றரையால் பெருக்குகிறோம். 36 வரும், 40 என்று வைக்கிறோம். அவர்களுக்கு விதிமுறைகள் பழக்கம், புதியவருக்கு இல்லை, அதற்காகத்தான் ஒன்றரை. தட்டச்சு வேகம் குறுக்கே வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 20 சொல் அடிப்பவருக்கு 120 சொல் அடிக்க 6 நிமிடம் ஆகும். 20 நிமிடத்தில் 14 நிமிடம் யோசிக்கவும் மேலாளர் குறிப்பை எழுதவும் மிஞ்சும். போதும். இதே பதிலை 400 சொல்லில் கேட்டிருந்தால் அவருக்கு நேரம் முழுவதும் விசைப்பலகையிலேயே போய்விடும். சொல் வரம்பு சிறியதாக இருப்பது எல்லோருக்கும் நியாயம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு எழுத்துத் தேர்வுகளில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்கள் கூறின. அவை பொதுத் தேர்வுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் தனியார் அலுவலகம் அதே விகிதத்தைப் பின்பற்ற எந்தத் தடையும் இல்லை. 40 நிமிடத்துக்கு 14 நிமிடம் சேர்க்கிறோம். காரணத்தை விளக்கச் சொல்லிக் கேட்பதில்லை, முன்கூட்டியே கேட்டால் போதும்.

கருவியிடம் இந்தக் கட்டைக் கொடுத்தால்?

இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான்கு தாள்களையும் அப்படியே ஒட்டிக் கேட்டால், இன்றைய கருவிகள் 7ஆம் நாள் அழைப்பைக் கண்டுபிடிக்கக் கூடியவை. சில சமயம் கோட்டைவிடும், பல சமயம் பிடித்துவிடும். ஆகவே கருவியால் முடியாத கேள்வி என்று எதையாவது தேடிப் போவது வீண். இந்த மாதம் முடியாதது அடுத்த மாதம் முடியும்.

நாங்கள் இரண்டு முடிவுகள் எடுத்தோம். முதலாவது, இந்த 40 நிமிடம் நேரில் நடக்கும், எங்கள் கணினியில், எட்டு பத்து பேர் கொண்ட குழுவாக. தாள்கள் காகிதத்தில்தான். வெளியூர்க்காரர்களுக்குப் பேருந்துக் கட்டணம் தருகிறோம். வரவே முடியாதவர்களுக்குக் காணொளி அழைப்பில் திரையைப் பகிர்ந்துகொண்டு நடத்துகிறோம். மின்சாரம் போனால், இணைப்பு அறுந்தால், வேறொரு கட்டுத் தாள்களோடு மறுபடி ஒரு வாய்ப்பு. காணொளியில் ஏமாற்ற முடியாது என்று சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் இரண்டாவது முடிவு: எழுதி முடித்ததும் 10 நிமிடம் பேச்சு.

அதில் கேட்பவை எளிய கேள்விகள். இந்த வரியை ஏன் வைத்தீர்கள்? முதலில் என்ன எழுதி அழித்தீர்கள்? வாடிக்கையாளர் வேலூரில் இல்லாமல் துபாயில் இருந்தால் எந்த வரி மாறும்? தானே யோசித்து எழுதியவர் தயங்கினாலும் காரணம் சொல்வார். "நாலாவது பேப்பரை கடைசிலதான் பார்த்தேன், அதுக்கப்புறம் மாத்திட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அதைவிட வேறு சான்று வேண்டாம். பேச்சு தமிழில் இருக்கலாம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறோம். இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும், பேச வேண்டியதில்லை. பேச்சு ஆங்கிலத்தில் பயந்து உளறுபவரை ஏமாற்றுக்காரர் என்று எடுத்துக்கொள்வது, கண்டறியும் மென்பொருள் செய்த அதே தவறை நாமே கையால் செய்வது.

பேச்சைச் சேர்ப்பதற்கு ஆய்விலும் ஆதாரம் உண்டு. வேலையின் ஒரு துண்டைச் செய்யச் சொல்லிப் பார்க்கும் தேர்வுக்கும் பிற்கால வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பை 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரு உளவியலாளர்கள் 0.54 என்று மதிப்பிட்டார்கள். 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை. 2022இல் சாக்கெட் குழுவினர் பழைய கணக்கில் இருந்த குறையைச் சுட்டி அதை 0.33 ஆகக் குறைத்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்கும் நேர்காணல் 0.42 என்று வந்தது. எந்த ஒன்றையும் மட்டும் நம்பி ஆளை எடுக்க முடியாது என்பதும், பேசும்போது எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதும் எனக்கு இதிலிருந்து கிடைத்தவை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு கருவியைப் பயன்படுத்துவது வழக்கமாக உள்ள அலுவலகம் என்றால், தேர்வில் மட்டும் தடை போடுவதில் அர்த்தமில்லை. அங்கே பொருத்தமான கேள்வி வேறு. கருவி எழுதிய ஒரு பதிலைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். மிக்சிக்காரருக்கு எழுதிய பதிலாகவே இருக்கட்டும். அதில் மூன்று தவறுகள் இருக்கும்: பணத்தை மூன்று நாளில் தருவோம் என்ற பொய் வாக்கு, பொருள் சேர்ந்த தேதியில் பிழை, ஜார் கசிவுக்கு வாடிக்கையாளரின் பயன்பாடே காரணம் என்று பொருள்படும் ஒரு இனிமையான வாக்கியம். 15 நிமிடத்தில் திருத்தித் தரச் சொல்லுங்கள். முதல் இரண்டையும் பலர் பிடிப்பார்கள். மூன்றாவது வழுவழுப்பாக இருப்பதால் தாண்டிப் போய்விடுவார்கள். கருவியோடு வேலை செய்யும் இடத்தில் அந்த மூன்றாவதைப் பிடிப்பவர்தான் வேண்டும். வீட்டில் காசு கட்டிய கருவி வைத்திருப்பவருக்கும் இலவசப் பதிப்பு மட்டும் வைத்திருப்பவருக்கும் உள்ள இடைவெளியும் இதில் மறைந்துவிடும்.

மதிப்பெண்ணும் ஆள்பலமும்

திருத்துபவர்கள் இருவர். பெயர், கல்லூரி, ஊர் எதுவும் தாளில் இருக்காது. நான்கே விஷயங்களைப் பார்க்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண். முரண்பாட்டைக் கண்டாரா? அதிகாரம் இல்லாத வாக்கைத் தவிர்த்தாரா? அடுத்து என்ன, எப்போது என்பது வாடிக்கையாளருக்குப் புரியுமா? புதிய தகவல் வந்ததும் மாற்ற வேண்டிய வரியை மாற்றினாரா? ஆங்கிலத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது. பொருள் மாறிவிட்டால் மூன்றாவது கேள்வியில் தானாகக் குறையும். இருவருடைய மொத்தமும் 2க்கு மேல் வேறுபட்டால் உட்கார்ந்து பேசுவார்கள். தொடங்குவதற்கு முன் ஒரு நல்ல பதில், ஒரு நடுத்தரப் பதில், ஒரு மோசமான பதில் மூன்றையும் சேர்ந்து திருத்திப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஒருவருடைய 2 இன்னொருவருடைய 3 ஆகிவிடும்.

400 பேருக்கு இதை எப்படி நடத்துவது என்பதுதான் எல்லா அலுவலகத்திலும் வரும் கேள்வி. நடத்தத் தேவையில்லை. முதலில் வேலையின் உண்மை நிலைமையைச் சொல்லிவிட வேண்டும்: இரவுப் பணி உண்டு, சம்பளம் இவ்வளவு, வேலை செய்யும் இடம் இது. அதைப் படித்தே கணிசமானவர்கள் விலகுவார்கள், விலகுவது அவர்களுக்கும் நல்லது. மீதிப்பேருக்கு 10 நிமிடத்தில் முடியும் ஒரு சிறிய படித்துப் புரியும் பகுதி. அதில் சிலர் கருவியைப் பயன்படுத்தித் தேறுவார்கள். பரவாயில்லை, அவர்களும் அடுத்த சுற்றில் நேரில் எழுதத்தான் போகிறார்கள். அதற்காக அந்தச் சல்லடையின் துளையைச் சற்றுப் பெரிதாகவே வைக்க வேண்டும். மிகச் சிறிதாக வைத்தால் கருவியோடு வந்தவர் மட்டும்தான் கடப்பார்.

இப்படி 40 பேர் மிஞ்சினால், ஒரு தாளுக்கு 8 நிமிடம், இருவர் திருத்த 640 நிமிடம், ஏறக்குறைய 11 மணி நேரம். 10 நிமிடப் பேச்சுக்கு 400 நிமிடம் சேர்த்தாலும் 18 மணி நேரத்துக்குள் முடியும். பழைய முறையில் 400 கட்டுரைகளை ஆளுக்கு 4 நிமிடம் படித்தாலே 1,600 நிமிடம், 27 மணி நேரம் போகும். படித்து முடித்தபோது யாரைப் பற்றியும் எதுவும் தெரிந்திருக்காது.

விண்ணப்பதாரருக்கு என்ன சொல்லி அழைக்கிறோம் என்பதும் தேர்வின் பகுதிதான். அழைப்பிலேயே எழுதிவிடுகிறோம்: 40 நிமிடம், நான்கு தாள்கள், நடுவில் புதிய தகவல் வரும், கருவிகள் இந்தச் சுற்றில் கூடாது, பொருள் மாறாதவரை ஆங்கிலப் பிழைக்கு மதிப்பெண் குறையாது, பிறகு தமிழிலோ ஆங்கிலத்திலோ 10 நிமிடம் பேசுவோம். மாதிரிக்கு ஒரு பழைய கட்டையும் சேர்த்து அனுப்புகிறோம். பயிற்சி நிலையத்தில் பணம் கட்டியவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக அது இருக்கக்கூடாது.

ஒரு கட்டை இரண்டு குழுவுக்கு மேல் பயன்படுத்துவதில்லை. காலையில் எழுதியவர் வெளியே வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் தகவல் போய்விடும், அது இயல்பு. ஆகவே எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு உடலை மாற்றுகிறோம். மிக்சிக்குப் பதில் மின்விசிறி, 10 நாளுக்குப் பதில் 7, தொலைபேசிப் பதிவுக்குப் பதில் சர்வீஸ் ஆள் எழுதிக் கொடுத்த ரசீது. வளைகாப்புக்குப் பதில் போன முறை புதுமனை புகுவிழா வைத்தோம். அந்தத் தாள்களைத் தயாரித்தவர், தொடக்கத்தில் நாங்கள் நிராகரித்த அந்தத் திருவண்ணாமலைப் பெண்.